மல்லிகா மாவ்ஷியின் வரவேற்புரை

புனேவில், வானவடிப் பகுதியில், ராணுவக் குடியிருப்பைத் தாண்டிப் புதிதாக முளைத்த அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. தமிழர் அறக்கட்டளை ஒன்று நடத்துகிற பள்ளி. தமிழர் நடத்துவது என்பதற்கு வாசலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையாரும், வருடத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து விமானத்தில் வந்து இறங்கும் அறக்கட்டளைத் தலைவரும்தான் அத்தாட்சி. மற்றபடி பாடம் ஆங்கிலத்தில், திட்டு இந்தியில், வேலைக்காரர்களைக் கூப்பிடுவது மராத்தியில்.

அந்தப் பள்ளியின் அறிவியல் ஆய்வகத்தில் மல்லிகாவுக்குப் பதினோரு வருட வேலை. புனேப் பள்ளிகளில் கூட்டிப் பெருக்கும் பெண்கள் எல்லோருமே ‘மாவ்ஷி’தான். சித்தி என்று அர்த்தம். சித்தி என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டு ஒரு நாற்காலி போடாத மரியாதை அது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த மல்லிகா ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆனால் தமிழ் எழுத்து அவளுக்கு மறக்கவில்லை. தினமும் காலையில் விளக்கேற்றிவிட்டு முருகன் பாட்டுப் புத்தகத்தை ஒரு பக்கமாவது வாய்விட்டுப் படிக்காமல் அடுப்பைப் பற்ற வைக்க மாட்டாள்.

ஆய்வகம் அவளுக்கு இன்னொரு பூஜை அறை மாதிரி. எந்தக் குடுவை எந்தத் தட்டில், எந்த அமிலத்துக்கு எந்தத் துணி ஆகாது என்பதெல்லாம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். பிள்ளைகள் பரிசோதனை செய்துவிட்டுப் போன பிறகு கழுவி வைப்பதுதான் அவள் வேலை. கழுவுகிறவள் கண் சும்மா இருக்குமா? அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆய்வகத் தலைவி ப்ரியம்வதா மிஸ். தாத்தா காலத்திலேயே புனேவுக்கு வந்துவிட்ட குடும்பம். அவளுக்குப் பின்னால் இரண்டு பட்டங்கள் இருந்தன. முன்னால் எப்போதும் ஒரு செல்போன் இருந்தது. மாவ்ஷி ஒருத்திக்குப் பார்க்கிற கண் இருக்கிறது என்பதை மட்டும் அவள் எந்தப் பட்டத்துக்கும் படித்ததில்லை.

வருடா வருடம் பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி அறிவியல் தினம். அதற்கு அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற பெற்றோர் கையில் வாசலிலேயே ரோஸ் கலர் சீட்டு ஒன்றைக் கொடுப்பார்கள். அதில் ஒரு கேள்வி அச்சடித்திருக்கும். பெற்றோர் அந்த எண்ணுள்ள மேஜைக்குப் போய்ச் சீட்டைப் பார்த்துக் கேள்வியைப் படிக்க வேண்டும். மேஜைக்குப் பின்னால் நிற்கிற பிள்ளை, மூன்று வாரமாக உருப்போட்ட பதிலை ஒப்பிக்கும். பெற்றோர் கை தட்டுவார்கள். பள்ளிப் புகைப்படக்காரர் படம் எடுப்பார். சீட்டில் இல்லாத கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. சொல்லாமலே அடங்குகிற அளவுக்குப் பெற்றோர் எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள்.

முந்நூறு சீட்டையும் கத்தரிக்கோலால் வெட்டுவது மல்லிகாவின் வேலை.

இந்த வருடம் தலைவர் சாய்கிருஷ்ணாவுக்குச் சென்னையில் திடீரென்று மொழிப்பற்று வந்துவிட்டது. வரவேற்புரை தமிழில் இருக்க வேண்டும், தலைப்பு ‘கேள்வி கேட்பதன் அவசியம்’ என்று மின்னஞ்சல் அனுப்பினார். ஆங்கிலத்தில்தான் அனுப்பினார்.

பிரின்ஸிபால் சந்தானம் பள்ளி முழுக்கத் தேடினார். பேசத் தெரிந்த பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியவில்லை. ஆசிரியைகளுக்கோ, அம்மாவோடு போனில் பேசுகிற அளவுக்கு மேல் தமிழ் ஏறவில்லை. சந்தானம் சாரே வீட்டுக்கு வரும் தமிழ்ப் பத்திரிகையை மனைவியைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறவர். கடைசியில் ஒரு நாள் ஆய்வக வாசலில் வந்து நின்று, மத்தியானம் புரட்டுவதற்கென்று மல்லிகா மூலையில் வைத்திருந்த இன்னொரு முருகன் பாட்டுப் புத்தகத்தைக் கண்டார்.

“இதை யார் படிக்கறா?”

“நான்தான் சார்.”

“நிஜமாவே படிப்பியா? இல்ல, சும்மா வெச்சிண்டிருக்கியா?”

மல்லிகா நடுப்பக்கத்தைப் பிரித்து நாலு வரி படித்துக் காட்டினாள். சந்தானம் தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு வழியில்லை என்ற துக்கம் அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

“ப்ரியம்வதா, இவளுக்கு ஒரு நல்ல புடவை ஏற்பாடு பண்ணுங்கோ. பார்க்கறதுக்குத் தமிழ் டீச்சர் மாதிரி இருக்கணும்.”

உரையை ப்ரியம்வதா எழுதினாள். எழுதினாள் என்று சொல்வது மரியாதைக்காக. ஆங்கிலத்தில் எங்கிருந்தோ எடுத்து, போனில் போட்டுத் தமிழாக்கி, அச்செடுத்துக் கொண்டுவந்து மல்லிகா கையில் கொடுத்தாள். ஒன்றரைப் பக்கம். கேள்வி ஒரு விளக்கு, கேள்வி ஒரு சிறகு, கேள்வி ஒரு பாலம் என்று அரைப் பக்கம் போனது. அதற்குப் பிறகு விஞ்ஞானி ராமன் கதை வந்தது. அறிவியல் தினமே அவருடைய கண்டுபிடிப்பின் நினைவில்தானே. கப்பலில் வரும்போது கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று அவர் கேட்டுக்கொண்டார். வானத்து நீலம்தான் கடலில் தெரிகிறது என்று வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் முன்பே சொல்லி முடித்திருந்தார். ராமன் அதை அப்படியே நம்பாமல், கையிலிருந்த சிறு பட்டகக் கண்ணாடியால் வானத்தின் பளபளப்பை மறைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகத்தான் இருந்தது. அப்படியானால் நீலம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது.

மல்லிகா அந்த இடத்தை இரண்டு முறை படித்தாள். பெரியவர் சொன்ன பதிலைக் கையிலெடுத்து, ஒன்றை மட்டும் மறைத்துவிட்டு, மிச்சம் என்ன தெரிகிறது என்று பார்த்த மனிதர். அவளுக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அடுத்த பத்தியில்தான் வில்லங்கம்.

‘நமது ஏழாம் எண் மேஜையில் மெழுகுவர்த்தி ஒன்று எரிகிறது. அதன் மேல் கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்தால் தட்டில் உள்ள தண்ணீர் ஜாடிக்குள் ஏறுகிறது. ஏன்? சுடர் ஆக்சிஜனை எரித்துத் தீர்க்கிறது. தீர்ந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பது இதனால் நிரூபணமாகிறது.’

இந்தப் பரிசோதனையை மல்லிகா பதினோரு வருடமாகத் தயார் செய்கிறாள். தட்டில் மஞ்சள் சாயத் தண்ணீர் ஊற்றுவது, மெழுகுவர்த்தியை நிற்க வைப்பது, ஜாடியைக் கவிழ்ப்பது, முடிந்ததும் கழுவுவது. அவள் பார்த்தது வேறு. சுடர் எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் அநேகமாக அசைவதே இல்லை. சில சமயம் ஜாடியின் விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு குமிழி வெளியேதான் வரும். சுடர் மங்கி அணைந்த பிறகுதான், யாரோ உறிஞ்சினதுபோல் தண்ணீர் விறுவிறுவென்று ஏறும். எரிந்து தீர்ந்த இடத்தை நிரப்புவதானால் எரிய எரிய அல்லவா ஏறியிருக்க வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. மெழுகு ஒட்டிய ஜாடியைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவ முடியாது. கொதிநீர் ஊற்றிக் கழுவி, ஈர டிரேயில் கவிழ்த்து வைப்பாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், டிரேயில் தேங்கிய தண்ணீர் ஜாடிக்குள் ஒரு விரல்கடை ஏறியிருக்கும். அங்கே மெழுகுவர்த்தியும் இல்லை, சுடரும் இல்லை.

அன்றைக்கே கேட்டாள்.

“மிஸ், ஒரு சந்தேகம். நெருப்பே காட்டாத ஜாடியிலயும் தண்ணி ஏறுது மிஸ். அங்க யாரு ஆக்சிஜனைத் தின்னது?”

ப்ரியம்வதா போனிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. “மாவ்ஷி, நீ அந்த டிரேயை ஒழுங்காத் துடைச்சிருந்தா தண்ணியே இருந்திருக்காது.”

“இல்ல மிஸ், மெழுகுவர்த்தி எரியறப்ப ஏறல. அணைஞ்ச பின்னாடிதான்...”

“அரே பாபா! புஸ்தகத்துல இருக்கு. இருபது வருஷமா இதான் சொல்லித் தரேன். உனக்குப் படிக்கத் தெரியும்னு மைக் குடுத்தா, எனக்கே கிளாஸ் எடுக்கறியா?” அவள் அச்சுத்தாளை விரலால் தட்டினாள். “எழுதினதைப் படி. ஓர் எழுத்து மாத்தக் கூடாது. ஏதாவது தகராறு பண்ணினே, லேப் சாவியை வெச்சுட்டு நர்சரிக்குப் போயிடு. அங்க டயபர் மாத்த ஆள் கம்மியா இருக்கு.”

விரலுக்கு அடியிலிருந்த வரி: ‘எந்தக் கேள்வியும் சிறியதல்ல.’

மல்லிகா தாளை எடுத்துக்கொண்டாள். நர்சரி வேலை கேவலம் என்று அவள் நினைக்கவில்லை. பிள்ளை மலத்தைக் கழுவாத தாய் உண்டா? ஆனால் ஆய்வகம் போய்விடும். காலையில் பூட்டைத் திறந்ததும் வரிசையாக நிற்கிற குடுவைகளில் வெயில் விழுகிற அந்த நிமிஷம் போய்விடும்.

வீட்டில் கணவர் வாசுதேவனிடம் சொன்னாள். ராணுவ வண்டிக் கிடங்கில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருடம் ‘யெஸ் சார்’ சொல்லி வளர்ந்த வாய்.

“எழுதிக் குடுத்ததைப் படிச்சிட்டு வாயேன். உன் வீட்டுத் தண்ணியா ஏறுது?”

“பொய்ங்க அது.”

“நீ எழுதின பொய்யா? எழுதினவங்க கணக்குல போவும்.”

“முன்னாடி குத்துவிளக்கு ஏத்தி வெச்சிருப்பாங்க. எரியற விளக்குக்கு முன்னாடி நின்னு, என் வாயால இல்ல சொல்லணும்?”

வாசுதேவன் டீயை ஆற்றினார். “அப்படின்னா விளக்குக்குக் காது கேக்காத தூரத்துல தள்ளி வைக்கச் சொல்லு,” என்றார். அவருடைய நகைச்சுவை அவ்வளவுதான்.

விழா நாள் காலையில் தலைவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். கேள்வி கேட்பதன் அவசியத்தை வலியுறுத்த வந்தவரை, ஏன் தாமதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாலை, சால்வை, மராத்திப் பாணியில் ஒரு தேங்காய். மேடையில் குத்துவிளக்கின் ஐந்து முகத்தையும் ஐந்து பெரியவர்கள் ஏற்றினார்கள்; ஐந்து பேரும் விளக்கைப் பார்க்காமல் காமிராவைப் பார்த்தார்கள்.

மல்லிகா யாரோ ஓர் ஆசிரியையின் பட்டுப் புடவையில் மைக்குக்கு முன்னால் நின்றாள். கீழே முந்நூறு பேர். தமிழர், மராத்தியர், பஞ்சாபி ராணுவக் குடும்பங்கள். பாதிப் பேருக்கு மேல் தமிழ் புரியாது. எல்லார் கையிலும் ரோஸ் சீட்டு இருந்தது.

வணக்கத்தைப் படித்தாள். தலைவர் பெயரை மூன்று பட்டங்களோடு படித்தாள். தலைவர் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். விளக்கு, சிறகு, பாலம் எல்லாவற்றையும் ஒரு குறையில்லாமல் படித்தாள். குரல் நடுங்கவில்லை, பாட்டுப் படித்துப் பழகின குரல். ராமன் கதை வந்தபோது தன்னையறியாமல் சத்தம் கூடியது. பின்வரிசையில் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பிறகு ஏழாம் மேஜைப் பத்தி வந்தது.

வரி கண்ணெதிரே இருந்தது. ஆறே வாக்கியம். படித்தால் அரை நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஆய்வகச் சாவி இடுப்பில் குத்திற்று. பக்கத்தில் ஐந்து முகமும் நிதானமாக எரிந்துகொண்டிருந்தன. முருகா, என்று அவள் மனதுக்குள் ஒருதரம் கூப்பிட்டாள். தாளை மடித்தாள்.

“ஏழாம் நம்பர் மேஜையில ஒரு மெழுகுவர்த்தி இருக்குதுங்க. ஜாடியைக் கவுத்தா தண்ணி உள்ள ஏறும். ஏன்னு இங்க ஒரு பதில் எழுதிக் குடுத்திருக்காங்க. நான் பதினோரு வருஷமா அந்த ஜாடியைக் கழுவறேன். நான் பாத்தது இந்தப் பதிலோட சேரல. சரியான பதில் எனக்குத் தெரியாது. நான் அஞ்சாவதுதான். அதனால உங்களைத்தான் கேக்கறேன். தண்ணி எப்ப ஏறுதுன்னு பாருங்க. எரியறப்பவா, அணைஞ்ச பின்னாடியா? ஒரு மெழுகுவர்த்தி வெச்சுப் பாருங்க, அப்புறம் மூணு வெச்சுப் பாருங்க. அதே தட்டு, அதே ஜாடி, அதே தண்ணி; மெழுகுவர்த்தி மட்டும் மாறட்டும். ஆக்சிஜன் ஐந்துல ஒரு பங்குதான்னா, மூணு வெச்சாலும் அதே அளவுதானே ஏறணும்? அப்புறம் மெழுகுவர்த்தியே இல்லாம, ஜாடியைச் சுடுதண்ணியில சூடு பண்ணிக் கவுத்துப் பாருங்க. கேள்வின்னா சும்மா வாயால கேக்கறது இல்லீங்க. ஒண்ணை மட்டும் மாத்திட்டு, அது என்ன சொல்லுதுன்னு காத்திருக்கறது. கையில இருக்கற சீட்டைப் பையில வெச்சுக்குங்க. கண்ணால பாத்துட்டுக் கேளுங்க. எல்லாரும் வாங்க. வணக்கம்.”

தலைவர் சாய்கிருஷ்ணா கை தட்டினார். மற்றவர்கள் தட்டுவது காதில் விழுந்தால் தட்டுவார். இந்தத் தடவை அவரே முதலில் தட்டிவிட்டார், பேச்சு முடிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில். தமிழ் புரியாதவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். சந்தானம் சாருக்குத் தமிழ் புரியும். அவருடைய கைகள் பாதி வழியில் நின்றுவிட்டன. ப்ரியம்வதாவின் முகம் வெந்த பீட்ரூட் மாதிரி ஆயிற்று.

கூட்டம் மேஜைகளுக்குப் போயிற்று. தமிழ் புரிந்த முப்பது நாற்பது பேரும், அவர்கள் எங்கே போகிறார்கள் என்று பின்னால் போனவர்களும் ஏழாம் மேஜையைச் சுற்றி நின்றார்கள். மேஜைக்குப் பின்னால் எட்டாம் வகுப்பு சஹானா. எதிரே அவளுடைய அப்பா தங்கராஜ், போசரித் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் மெஷின் செட்டர். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

சஹானா ஜாடியைக் கவிழ்த்தாள். “த ஃப்ளேம் கன்ஸ்யூம்ஸ் ஆல் தி ஆக்சிஜன்,” என்று ஆரம்பித்தாள்.

“இரும்மா,” என்றார் தங்கராஜ். “இன்னும் எரியுது. தண்ணி நகரலியே?”

சஹானா ப்ரியம்வதாவைப் பார்த்தாள். மூன்று வாரம் உருப்போட்டதில் இந்த இடம் இல்லை.

சுடர் சுருங்கியது, நீலமாயிற்று, அணைந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம். மஞ்சள் தண்ணீர் ஜாடிக்குள் சரசரவென்று ஏறியது.

“அடேங்கப்பா!” என்றார் பின்னாலிருந்து ஒரு கர்னல் மாமா. “அந்தம்மா சொன்னது கரெக்ட்!”

“மூணு வெய்யி,” என்று இரண்டு மூன்று குரல்கள் வந்தன. சஹானா மூன்று மெழுகுவர்த்தியை ஒட்டி வைத்து ஏற்றினாள். ஜாடியைக் கவிழ்த்தபோது விளிம்பில் குமிழி குமிழியாக வெளியே வந்தது. அணைந்ததும் தண்ணீர் முன்பு ஏறினதைவிட நல்ல இரண்டு விரல் அதிகம் ஏறியது. ஒரு பையனின் அம்மா ஸ்கேல் வைத்து அளந்து சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள்.

மல்லிகா கெட்டிலில் கொதித்த தண்ணீரை வேறொரு ஜாடியில் ஊற்றிக் குலுக்கிக் கொட்டி, துணியால் பிடித்துத் தட்டில் கவிழ்த்தாள். சுடர் இல்லை, புகை இல்லை. எல்லோரும் குனிந்து நின்றார்கள். தண்ணீர் மெல்ல மெல்ல உள்ளே ஏறியது.

தங்கராஜ் தொடையில் தட்டினார். “ஏய், இது நம்ம பேரிங் வேலைடா! ஷாஃப்ட்ல பேரிங் ஏறலேன்னா நாங்க பேரிங்கைச் சூடு பண்ணுவோம். விரியும். மாட்டிட்டு ஆற விட்டா சுருங்கி, கப்புனு புடிச்சுக்கும். காத்தும் அப்படித்தான் போல. சூட்டுல விரிஞ்சு கொஞ்சம் குமிழியா வெளிய போயிடுது. ஆறினா உள்ள இருக்கறது சுருங்குது. வெளிக்காத்து தண்ணியை உள்ள தள்ளுது.”

“அப்ப ஆக்சிஜன்?” என்று சஹானா கேட்டாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த முதல் சொந்தக் கேள்வி அது.

“கொஞ்சம் எரியுது. ஆனா எல்லாம் தீர்றதுக்கு முன்னாடியே சுடர் அணைஞ்சிடும்,” என்றார் கர்னல் மாமா. “எரிஞ்சதுக்குப் பதிலாக் கரியமில வாயுவும் நீராவியும் வருது. அந்த ஆவியும் குளிர்ந்து தண்ணியாப் போயிடும். அஞ்சுல ஒண்ணு கணக்கு சும்மா தற்செயலா வர்றது.”

ப்ரியம்வதா முன்னால் வந்தாள். “ப்ளீஸ், ப்ளீஸ். இது எட்டாவது லெவலுக்குப் போதும். சிலபஸ்ல இப்படித்தான் இருக்கு. எக்ஸாம்ல இதை எழுதினா மார்க் வராது.”

“மார்க் வராதுன்னா தண்ணி ஏறாதா மிஸ்?” என்றார் தங்கராஜ்.

கூட்டம் சிரித்தது. ப்ரியம்வதா, சிரிப்பவர்களின் பிள்ளைகள் எந்த வகுப்பு என்று மனதில் குறித்துக்கொள்கிறவள் மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் வந்தார். கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே வருவது அவர் பழக்கம். மேஜைக்கு அந்தப் பக்கம் போய் ஜாடியைத் தட்டோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். பிடித்தது கோணலாக; தண்ணீர் சட்டையில் கொட்டியது. “வெரி இன்ட்ரஸ்டிங்,” என்றார். என்ன இன்ட்ரஸ்டிங் என்று கேட்டிருந்தால் பாவம், திணறியிருப்பார். சந்தானம் சார் அவருடைய சட்டையைத் துடைத்துவிட்டபடி, “இதுதான் சார் நம்ம ஸ்கூல் கல்ச்சர். கேள்வி கேக்க வைக்கறது. நாங்களே பிளான் பண்ணினோம்,” என்றார். அவ்வளவு சரளமான பொய்யை எரிகிற விளக்கிலிருந்து பத்தடி தூரத்தில் நின்று சொல்ல முடியும் என்பதை மல்லிகா அன்றுதான் நேரில் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அழுக்குத் துணியைக் கையில் எடுத்தால் மூக்கு சுருங்குமே, அந்த மாதிரி ஒன்றுதான் வந்தது.

திங்கட்கிழமை அவளைப் பிரின்ஸிபால் அறைக்குக் கூப்பிட்டார்கள். சந்தானமும் ப்ரியம்வதாவும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் ஒரு தாள். அதே வரவேற்புரை, ஒன்றரைப் பக்கம், எழுத்து மாறாமல். அடியில் ‘உரையாற்றியவர்: திருமதி மல்லிகா வாசுதேவன்’ என்று அச்சடித்து, கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தது.

“சேர்மனுக்கு உன் ஸ்பீச் ரொம்பப் பிடிச்சுப்போச்சு,” என்றார் சந்தானம். “டிரஸ்ட் மலர்ல போடணுமாம். ஒரு சைன் பண்ணு.”

மல்லிகா தாளை எடுத்தாள். விளக்கு, சிறகு, பாலம். ராமன். ‘சுடர் ஆக்சிஜனை எரித்துத் தீர்க்கிறது.’

“நான் இதைப் பேசல சார்.”

“பேசினதையெல்லாம் புக்ல போட முடியுமா? டிரஸ்ட் மலரைப் பெரியவாள்லாம் படிப்பா.”

“சார் அன்னிக்கு அங்கதான் இருந்தீங்க. தண்ணி எப்ப ஏறுச்சுன்னு பாத்தீங்க.”

“பார்த்தேன்,” என்றார் சந்தானம் எரிச்சலாக. “அதுக்கென்ன இப்போ?”

ப்ரியம்வதா குறுக்கே வந்தாள். குரலில் தேன் தடவியிருந்தது. “மாவ்ஷி, அன்னிக்கு நடந்ததை நான் மனசுல வெச்சுக்கல. லேப் உனக்கு எவ்ளோ முக்கியம்னு எனக்குத் தெரியும். ஒரு சைன். லேப் சாவி உன்கிட்டயே இருக்கும். என் ரிடையர்மென்ட் வரைக்கும் யாரும் உன்னைத் தொட மாட்டா.”

மல்லிகா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சுடர் அணைந்த பிறகுதான் தண்ணீர் ஏறுகிறது என்று இருவருக்கும் தெரியும். மூன்று வைத்தால் அதிகம் ஏறும் என்றும் தெரியும். தெரிந்துகொண்டுதான் இந்தத் தாளை நீட்டுகிறார்கள். தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். தெரிந்தும் கண்ணை மூடிக்கொள்கிறவர்களுக்கு? இத்தனை வருடம் இவர்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றோமே என்று அவளுக்குத் தன்மேலேயே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. படித்தவர்கள் என்று அவள் மனதில் ஒரு மணையைப் போட்டு உட்கார வைத்திருந்த இரண்டு பேர் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே அவள் மனதிலிருந்து எழுந்து போய்விட்டார்கள்.

“என் பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டுக்குங்க மிஸ். நீங்க எழுதினதுதானே?”

ப்ரியம்வதா சந்தானத்தைப் பார்த்தாள். பெரியவர்கள் படிக்கிற மலரில், அத்தனை பேர் கண்ணால் பார்த்து மறுத்த ஒன்றுக்குக் கீழே தன் பெயரைப் போட அவளுக்கும் தைரியம் இல்லை. மாவ்ஷி பெயர் என்றால் பரவாயில்லை. அதற்காகத்தானே கோடு போட்டது.

“சேர்மன்கிட்ட நான் என்ன சொல்றது?” என்றார் சந்தானம்.

“நடந்ததைச் சொல்லுங்க சார்.” மல்லிகா இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை அவிழ்த்துத் தாளின் மேல் வைத்தாள். விரல் ஒரு நிமிஷம் அதை விட மாட்டேன் என்றது; விட வைத்தாள். “சல்ஃப்யூரிக் பாட்டில் கீழ்த்தட்டுல இருக்கு மிஸ். மேல வெச்சிடாதீங்க, மூடி லூஸு. பெரிய ஜாடி ரெண்டும் ஊற வெச்சிருக்கேன். சுடுதண்ணி ஊத்தினாத்தான் மெழுகு போவும்.”

அவள் வெளியே வந்தாள். நடைபாதையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆய்வகத்துக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். சஹானா நின்று, “மாவ்ஷி, வர்லியா?” என்றாள்.

“இல்ல கண்ணு. நர்சரில ஆள் கம்மியாம்.”

படியிறங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நர்சரிக் கட்டடத்தை நோக்கி நடந்தாள்.